திறந்த பொருளும் முடிந்த பொருளும்: சங்கக் கூட்டக் குறிப்பில் முந்தைய முடிவுகளைத் தொடர்ந்து எழுதும் முறை

குடியிருப்போர் நலச் சங்கம், அறக்கட்டளை, மன்றம், கோயிற்குழு என எந்த அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தாலும், அக்கணக்கை நடத்தும் அதிகாரம் ஒரு கூட்டத்தின் தீர்மானத்திலிருந்தே பிறக்கிறது. தனிமனிதரின் கணக்கில் அவருடைய கையொப்பம் போதும். சங்கத்தின் கணக்கிலோ, அந்தக் கையொப்பத்தை ஏற்கும்படி சொல்லும் நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கிளை கேட்கிறது. ஆகவே அமைப்புகளின் கணக்கை நடத்தும் செயலாளர்களும் பொருளாளர்களும் குறிப்பு எழுதும் முறையைச் சற்று நுணுகி அறிந்திருப்பது நல்லது.

அந்தக் குறிப்பில் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வரிகளில் கடந்துவிடும் பகுதி ஒன்று உண்டு. நிகழ்ச்சி நிரலில் முதலில் சென்ற கூட்டத்தின் குறிப்பு படித்து உறுதி செய்யப்படும். அடுத்து, ‘முன் கூட்டங்களிலிருந்து எழும் பொருள்கள்’ என்ற தலைப்பு வரும். முன்பு முடிவெடுத்தவை எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அங்கே பதிவு செய்ய வேண்டும். இக்கட்டுரை அந்தப் பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

முதலில் ஒரு வேறுபாடு. குறிப்பை உறுதி செய்வது என்பது, சென்ற கூட்டத்தில் நடந்தது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்பதைப் பார்ப்பது மட்டுமே. அன்று எடுத்த முடிவு நல்ல முடிவுதானா என்ற விவாதத்திற்கு அங்கே இடமில்லை. அம்முடிவு நிறைவேறியதா என்ற கேள்விக்கும் அங்கே இடமில்லை. அது அடுத்த தலைப்புக்கு உரியது. இவ்விரண்டும் கலந்துவிடும்போது, ‘குறிப்பு உறுதி செய்யப்பட்டது’ என்ற ஒரு வரியையே ‘எல்லாம் முடிந்தது’ என்று உறுப்பினர்கள் எண்ணிக்கொள்கிறார்கள்.

இனி ஓர் எடுத்துக்காட்டைத் தேதிவாரியாகப் பார்ப்போம். இது விளக்கத்திற்காக அமைத்துக்கொண்டது. தில்லியில் 64 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்போர் நலச் சங்கம். 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு பெற்றது. 2025 ஏப்ரல் 6 அன்று ஆண்டுப் பொதுக்குழு கூடிப் புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தது. நிர்வாகக் குழு ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறன்று கூடுகிறது. ஏப்ரல் 13 கூட்டத்தில் பல முடிவுகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு நமக்கு வேண்டியவை. ஒன்று, குறிப்பின் 2ஆம் பொருள்: புதிய நிர்வாகக் குழுவின் பட்டியலைப் பதிவாளரிடம் தாக்கல் செய்வது. மேற்சொன்ன சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆண்டுக் கூட்டத்தைத் தொடரும் 14ஆம் நாளுக்குள் இதைச் செய்யச் சொல்கிறது. அதாவது ஏப்ரல் 20க்குள். மற்றொன்று 4ஆம் பொருள்: வங்கிக் கணக்கில் முன்னாள் பொருளாளரின் கையொப்பத்தை நீக்கிப் புதிய பொருளாளரின் கையொப்பத்தைச் சேர்ப்பது. முன்னாள் பொருளாளர் பூனாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

மே 11 கூட்டத்தில் மூன்றாவது ஒன்று சேர்ந்தது. சங்கத்தின் 8,00,000 ரூபாய் நிலைவைப்பு ஜூன் 20 அன்று முதிர்கிறது. எத்தனை ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம் என்று வட்டி விகிதங்களை அறிந்துவரும்படி பொருளாளரிடம் சொல்லப்பட்டது. அது மே மாதக் குறிப்பின் 3ஆம் பொருள்.

ஜூன் 8 கூட்டத்தின் குறிப்பில் எழும் பொருள்கள் என்ற பகுதி இவ்வாறு இருந்தது:

“கையொப்ப மாற்றம்: வங்கியில் கொடுக்கப்பட்டது. முடிந்தது. வைப்புப் புதுப்பித்தல்: ஒத்திவைக்கப்பட்டது. வடிகால்: நடவடிக்கையில் உள்ளது.”

படிப்பதற்கு ஒழுங்காகவே தோன்றுகிறது. ஆனால் இம்மூன்று வரிகளுக்குள் மூன்று பிழைகள் உள்ளன. நான்காவது பிழை, எழுதாமல் விட்டதில் உள்ளது.

முதலாவது ‘கொடுக்கப்பட்டது, முடிந்தது’ என்பது. தீர்மானம் கேட்டது விண்ணப்பம் கொடுப்பதை அன்று, கையொப்பம் மாறுவதை. விண்ணப்பம் கொடுத்தது சங்கத்தின் செயல். மாற்றம் நிகழ்வது வங்கியின் பதிவில். இடையில் பல தடைகள் வரக்கூடும். தீர்மான நகலில் கணக்கை யார் யார், தனித்தா கூட்டாகவா நடத்துவர் என்று சொல்லப்படாமலிருக்கலாம். புதிய பொருளாளரின் அடையாள, முகவரிச் சான்றுகள் இணைக்கப்படாமலிருக்கலாம். நகலில் சான்றொப்பம் இல்லாதிருக்கலாம். இச்சங்கத்தில் நடந்ததும் அதுவே. பதிவாளரிடம் தாக்கல் செய்த நிர்வாகக் குழுப் பட்டியலின் நகலும், கூட்டாகக் கையொப்பமிடுவர் என்ற தெளிவும் வேண்டுமெனக் கேட்டுக் கிளை ஜூலை 2 அன்று கடிதம் அனுப்பியது. அதற்குள் காவலர் நிறுவனத்துக்குப் புதிய பொருளாளர் கையொப்பமிட்டு அளித்த காசோலை, கையொப்பம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிட்டது.

ஒரு பொருளை முடிந்தது என்று எழுதுமுன், முடிந்தது என்பதை நமக்குச் சொல்வது எது என்று செயலாளர் கேட்டுக்கொள்ள வேண்டும். கையொப்ப மாற்றத்துக்கு அது வங்கியின் உறுதிக் கடிதம். பழுதுபார்ப்புக்கு, வேலையைப் பார்த்தவரின் பெயரும் பணம் கொடுத்த சீட்டு எண்ணும். தாக்கலுக்கு, அலுவலகத்தின் பெறுகைச் சீட்டு. அந்தச் சான்றையும் அதன் தேதியையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுத முடியாவிட்டால், அப்பொருள் இன்னும் திறந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இரண்டாவது ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்ற சொல். யாரிடம், எந்த நாளுக்கு, அடுத்து என்ன செய்வதற்காக என்பவை இல்லாமல் இச்சொல்லுக்குப் பொருளே இல்லை. இங்கே அதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. அடுத்த கூட்டம் ஜூலை 13. வைப்பு முதிர்வதோ ஜூன் 20. ஒத்திவைக்கும் நாளையும் அப்பொருளுக்கே உரிய கெடு நாளையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால், இந்தப் பொருளை ஒத்திவைக்கவே முடியாது என்பது அங்கேயே தெரிந்திருக்கும். அன்றே ஒரு தீர்மானம் எடுத்திருக்கலாம். அல்லது தலைவரும் செயலாளரும் முடிவெடுக்கலாம் என்று அன்றே அதிகாரம் அளித்திருக்கலாம்.

முதிர்ந்த வைப்பை எவரும் கவனியாவிட்டால் என்ன நேரும்? தானாகப் புதுப்பிக்கும்படி முன்கூட்டியே அறிவுறுத்தல் தந்திருந்தால் வைப்பு புதுப்பிக்கப்பட்டுவிடும். இச்சங்கம் அவ்வாறு தரவில்லை. இந்திய ரிசர்வ் வங்கியின் 2021 ஜூலை 2ஆம் நாளிட்ட சுற்றறிக்கையின்படி, முதிர்ந்தபின் கேட்கப்படாமல் வங்கியில் கிடக்கும் தொகைக்குச் சேமிப்புக் கணக்கின் வட்டி விகிதமோ, முதிர்ந்த வைப்பின் ஒப்பந்த விகிதமோ, இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். கணக்கிடுவதற்காக, புதிய வைப்புக்கு 6.5 விழுக்காடு, சேமிப்புக்கு 2.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 4 விழுக்காடு. 8,00,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 32,000 ரூபாய். 40 நாள் தாமதமானால் ஏறத்தாழ 3,500 ரூபாய். பெருந்தொகை இல்லைதான், எனினும் அது 64 வீட்டாரின் பணம்.

மூன்றாவது, ‘நடவடிக்கையில் உள்ளது’. குடியிருப்பின் வெளிச்சுவரை ஒட்டிய வடிகாலைச் சீர்செய்யக் கோரி மாநகராட்சிக்கு எழுதுவது என்று 2024 டிசம்பர் 8 கூட்டத்தில் முடிவாயிற்று. அன்று தொடங்கி ஜூன் வரை ஆறு கூட்டங்களில் இந்த இரண்டு சொற்களே மீண்டும் மீண்டும் எழுதப்பட்டன. வெளியார் ஒருவரின் பதிலுக்காகக் காத்திருக்கும் பொருள் இப்படித்தான் உறங்கிப்போகிறது. காத்திருப்பதும் ஒரு நிலைதான். ஆனால் அதை அவ்வாறே எழுத வேண்டும்: எந்த நாளில் எழுதினோம், பதில் வராவிட்டால் எந்த நாளில் யார் நினைவூட்டுவார். ஒரு பொருள் மூன்று முறைக்கு மேல் மாற்றமின்றித் தொடர்ந்தால் அதை எழும் பொருள்களிலிருந்து எடுத்து, நிகழ்ச்சி நிரலில் தனிப்பொருளாக வைத்துத் தொடர்வதா விடுவதா என்று குழு முடிவு செய்யட்டும் என்பது என் கருத்து. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. மூன்று என்பதை நான்காகவும் வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது பிழையே மிகவும் மறைவானது. பதிவாளரிடம் பட்டியல் தாக்கல் செய்யும் பொருள் மே மாதக் குறிப்பில் இடம்பெறவில்லை. அன்று கூட்டம் நீண்டுபோனது, ஒருவரும் கேட்கவில்லை. ஜூன் மாதக் குறிப்பை எழுதும்போது செயலாளர் மே மாதக் குறிப்பை மட்டும் எடுத்துப் பார்த்தார். அதில் அது இல்லை. ஆக, ஏப்ரலில் பிறந்த பொருள் ஒரே ஒரு கூட்டத்தில் பேசப்படாததால் முற்றிலும் மறைந்துவிட்டது. அதை முடித்தாரும் இல்லை, கைவிட்டாரும் இல்லை. கிளை பட்டியலின் நகலைக் கேட்டபோதுதான் அது தாக்கல் செய்யப்படவே இல்லை என்பது தெரியவந்தது.

இந்தப் பிழையைத் தடுக்க வங்கி வாடிக்கையாளர்கள் நன்கறிந்த வழி ஒன்று உண்டு. சேமிப்புக் கணக்கின் புத்தகத்தில் தொடக்க இருப்பு, வரவு, பற்று, இறுதி இருப்பு என்று இருக்கும். ஒரு பக்கத்தின் இறுதி இருப்பே அடுத்த பக்கத்தின் தொடக்க இருப்பு. எழும் பொருள்களையும் அவ்வாறே நடத்தலாம். சென்ற கூட்ட முடிவில் எத்தனை பொருள்கள் திறந்திருந்தன, இன்று எத்தனை முடிந்தன, எத்தனை புதிதாகச் சேர்ந்தன, இப்போது எத்தனை திறந்திருக்கின்றன என்று பகுதியின் கடைசியில் ஒரு வரி எழுதினால், பேசப்படாத பொருளும் கணக்கிலிருந்து நழுவாது. ஏப்ரலில் இவ்வரி இருந்திருந்தால், மே மாதத்தில் ஒன்று குறைவதைச் செயலாளர் உடனே கண்டிருப்பார்.

அதற்குத் துணையாக ஒவ்வொரு பொருளும் பிறந்த கூட்டத்தின் மாதத்தையும் எண்ணையும் கடைசிவரை சுமந்துவர வேண்டும். ஏப்ரல் கூட்டத்தின் 4ஆம் பொருள், ஆகஸ்டில் பேசப்பட்டாலும் ‘ஏப்ரல்/4’ தான். கூட்டத்துக்குக் கூட்டம் எண்ணை மாற்றினால் அதன் வயது மறைந்துபோகும். அதன் மூலத் தீர்மானத்தைத் தேடுவதும் கடினமாகும்.

இனி, ஜூலை 13 கூட்டத்தில் செயலாளர் இவற்றைச் சரிசெய்த முறையைப் பார்ப்போம். இங்கே ஒரு தயக்கம் எழுவது இயல்பு. ஜூன் மாதக் குறிப்பில் கையொப்ப மாற்றம் முடிந்தது என்று எழுதித் தலைவர் கையொப்பமும் இட்டாகிவிட்டது. அதை அடித்துத் திருத்தலாமா? கூடாது. உறுதி செய்யப்பட்ட குறிப்பு, அன்று குழு என்ன அறிந்திருந்தது என்பதற்குச் சான்று. அன்று அவ்வாறுதான் அறிந்திருந்தது. பிழையை இன்றைய குறிப்பில் எடுத்துச் சொல்லி, பொருளை மீண்டும் திறப்பதே முறை. அவர் எழுதியது இது:

“ஏப்ரல்/4, கையொப்ப மாற்றம். ஜூன் 8 குறிப்பில் முடிந்ததாகப் பதிவாகியுள்ளது. வங்கிக் கிளையின் ஜூலை 2 கடிதப்படி மாற்றம் இன்னும் நிகழவில்லை. எனவே மீண்டும் திறக்கப்படுகிறது. கூட்டாகக் கையொப்பமிடுதல் குறித்த புதிய தீர்மானம் இன்றைய 5ஆம் பொருளில் காண்க. பொருளாளர் அதன் நகலையும் தம் சான்றுகளையும் ஏப்ரல்/2இன்படி கிடைக்கும் பட்டியல் நகலுடன் ஜூலை 25க்குள் கிளையில் அளிப்பார். வங்கியின் உறுதிக் கடிதம் வந்தபின்னரே முடிக்கப்படும். தொடர்கிறது.

ஏப்ரல்/2, நிர்வாகக் குழுப் பட்டியல். மே, ஜூன் குறிப்புகளில் விடுபட்டது. தாக்கல் செய்யப்படவில்லை, கெடு ஏப்ரல் 20 கடந்துவிட்டது. செயலாளர் தாமதத்துக்கான விளக்கத்துடன் ஜூலை 18க்குள் தாக்கல் செய்து பெறுகைச் சீட்டைக் கோப்பில் வைப்பார். தொடர்கிறது.

மே/3, வைப்புப் புதுப்பித்தல். வைப்பு ஜூன் 20 அன்று முதிர்ந்தது, புதுப்பிக்கப்படவில்லை. வட்டி விகிதங்களைப் பொருளாளர் அறிந்து தெரிவித்தார். புதுப்பிக்கும் முடிவு இன்றைய 6ஆம் பொருளாக எடுக்கப்பட்டதால், இப்பொருள் இத்துடன் முடிந்தது.

டிசம்பர்/5, வடிகால். அப்பகுதியைத் தன் பணித்திட்டத்தில் சேர்த்திருப்பதாக மாநகராட்சியிடமிருந்து ஜூன் 27 நாளிட்ட பதில் வந்துள்ளது. வடிகால் இன்னும் சீர்செய்யப்படவில்லை. எனினும் சங்கம் மேலும் செய்வதற்கு ஒன்றுமில்லை எனக் குழு கருதுகிறது. கைவிடப்பட்டது.

ஜூன்/4, வாயில் விளக்கு. ஜூன் 14 அன்று மாற்றப்பட்டது; செலவுச் சீட்டு கோப்பில் உள்ளது. முடிந்தது.

ஜூன் குறிப்பின்படி திறந்திருந்தவை 3, இன்று மீண்டும் திறக்கப்பட்டவை 2, முடிந்தவை 2, கைவிடப்பட்டது 1, இன்று புதிதாகச் சேர்ந்தவை ஜூலை/6, ஜூலை/8 என 2. இப்போது திறந்திருப்பவை 4.”

ஒவ்வொரு பத்தியும் ‘முடிந்தது’, ‘தொடர்கிறது’, ‘கைவிடப்பட்டது’ என்ற மூன்றில் ஒரு சொல்லில் முடிவதைக் கவனிக்கலாம். ‘பரிசீலனையில்’, ‘கவனிக்கப்படும்’, ‘விரைவில்’ போன்ற சொற்களுக்கு இடமில்லை. வடிகால் பொருளில் ‘முடிந்தது’ என்று எழுதாமல் ‘கைவிடப்பட்டது’ என்று எழுதியதும் காரணத்தோடுதான். வடிகால் இன்னும் அப்படியே இருக்கிறது. மழையில் நீர் தேங்கினால் உறுப்பினர்கள் கேட்பார்கள். அன்று குறிப்பைப் புரட்டுபவர், வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. கைவிடுவது குழுவின் முடிவு. காரணம் இன்றி அச்சொல்லைச் செயலாளர் தாமாக எழுத இயலாது.

வைப்புக்குரிய முடிவும் கையொப்பத் தீர்மானமும் எழும் பொருள்களில் எடுக்கப்படாமல், 5, 6 என்று தனிப்பொருள்களாக வைக்கப்பட்டிருப்பதையும் காண்க. எழும் பொருள்கள் நிலையைப் பதிவு செய்யும் இடம். எட்டு லட்சம் ரூபாயை எத்தனை ஆண்டுக்கு வைப்பது என்பதைப் போன்ற முடிவை அங்கே எடுத்தால், கூட்ட அறிவிப்பில் அப்பொருளைக் காணாத, அதனால் அன்று வராமற்போன உறுப்பினர் பிறகு ஆட்சேபிக்க நியாயம் உண்டு. ஆகவே ஜூலை 2 கடிதம் கைக்கு வந்தவுடனேயே செயலாளர் இரண்டையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து அறிவிப்பு அனுப்பினார்.

வங்கிக்குத் தரும் நகலுக்கும் இதுவே காரணம். எழும் பொருள்கள் பகுதியின் நகலைக் கொண்டுவந்து, ‘இதில் முன்பே முடிவானது என்று இருக்கிறதே’ என்று கிளையில் வாதிடுவோர் உண்டு. அது தீர்மானம் அன்று. தீர்மானத்தைப் பற்றிய செய்தி. கூட்டத்தின் நாள், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், அதிகாரம் பெறுவோரின் பெயர்கள், கணக்கை நடத்தும் முறை ஆகியவை அடங்கிய மூலத் தீர்மானத்தின் சான்றொப்பமிட்ட நகலே வேண்டும். பொருள் எண்ணை மாற்றாமல் வைத்திருந்தால் அதைத் தேடி எடுப்பதும் எளிது.

குறிப்பை எழுதி முடிக்கும் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். கம்பெனிகளுக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118ஆம் பிரிவு 30 நாள் கெடு விதிக்கிறது. சங்கங்கள் தத்தம் விதிமுறைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எப்படியிருந்தாலும், மாதந்தோறும் கூடும் குழுவுக்கு 30 நாள் மிக நீளம். பொறுப்பேற்றவருக்கு ஜூலை 18 என்று கெடு கொடுத்துவிட்டு, குறிப்பை ஆகஸ்டில் அனுப்பினால் பயன் என்ன? திறந்திருக்கும் பொருள்களை மட்டுமாவது, கூட்டம் முடிந்த இரண்டொரு நாளில் பொறுப்பாளர்களுக்கு அனுப்பிவிடலாம்.

எடுத்துக்காட்டுச் சங்கத்தில் பட்டியல் ஜூலை 17 அன்று தாக்கலானது. மறுநாளே பொருளாளர் கிளைக்குச் சென்றார். கையொப்பம் மாறியதை உறுதிசெய்யும் கடிதம் ஜூலை 29 நாளிட்டு வந்தது. வைப்பைப் புதுப்பிக்கும் கடிதத்திலும் அதே கையொப்பம் தேவைப்பட்டதால் அதுவரை அதுவும் காத்திருந்தது. ஜூலை 30 அன்று வைப்பு புதுப்பிக்கப்பட்டது. ஆகஸ்ட் 10 குறிப்பின் எழும் பொருள்கள் பகுதி நான்கு பொருள்களோடு தொடங்கி, மூன்றை அவற்றின் சான்றுகளோடு முடித்தது. எஞ்சியது ஜூலை/8, காவலர் நிறுவனத்தின் ஒப்பந்தம். அது செயலாளர் பொறுப்பில், ஆகஸ்ட் 31 கெடுவுடன் தொடர்ந்தது; பழைய ஒப்பந்தம் செப்டம்பர் 15 அன்று முடிகிறது என்பதும் அதன் அருகில் எழுதப்பட்டிருந்தது.